ஒரு வீடியோ, மூன்று தளங்கள்: தானியங்கிப் பதிவேற்றத்தில் எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

யூடியூப், இன்ஸ்டாகிராம், டெலிகிராம் மூன்றிலும் ஒரே வீடியோவை ஸ்கிரிப்ட் மூலம் வெளியிடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. யூடியூபுக்குப் போன ஃபைல் டெலிகிராமில் மறுக்கப்படுகிறது. டெலிகிராமுக்காகச் சுருக்கினால் யூடியூபில் மங்கலாகத் தெரிகிறது. இன்ஸ்டாகிராமோ ஃபைலை வாங்கிக்கொண்டு, வெளியிடச் சொல்லும்போது ‘இன்னும் தயாராகவில்லை’ என்று திருப்பி அனுப்புகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே சிறிய ஃபைல் போதுமா? தளத்துக்கு ஒன்றாகச் செய்ய வேண்டுமா? ஓரிடத்தில் ஏற்றிவிட்டு மற்ற இடங்களில் லிங்க் கொடுத்தால் ஆகாதா?

பேச்சு பொதுவாகப் போகாமல் இருக்க ஒரு வீடியோவை எடுத்துக்கொள்வோம். ஐபோனில் 1080p தெளிவில், வினாடிக்கு 30 ஃபிரேம் வேகத்தில், செங்குத்தாக எடுத்த ஆறு நிமிட வீடியோ. போனின் வழக்கமான அமைப்பில் இது நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 எம்.பி. வரும். ஆக, கையில் இருப்பது சுமார் 360 எம்.பி. ஃபைல்.

## எதை வைத்து முடிவெடுப்பது?

நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன்: ஃபைல் எல்லைக்குள் அடங்குகிறதா, பார்ப்பவருக்குத் தரம் எப்படி இருக்கும், நம் சர்வருக்கு எவ்வளவு வேலை, தளம் தாமதித்தால் நம் ஸ்கிரிப்ட் என்ன செய்யும். பெரும்பாலோர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் தினமும் ஓடும் அமைப்பில் அதிகம் சோதிப்பது நான்காவதுதான். அதற்குக் கீழே தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

எல்லைகள் இவை. டெலிகிராமின் பொதுச் சர்வர் வழியாக பாட் ஏற்றக்கூடியது 50 எம்.பி. ஃபைலை அனுப்பாமல் அதன் முகவரியை மட்டும் கொடுத்து எடுத்துக்கொள்ளச் சொன்னால் எல்லை 20 எம்.பி.யாகக் குறைந்துவிடும். இன்ஸ்டாகிராம் ஏபிஐ வழி ரீல்ஸுக்கு 300 எம்.பி., 15 நிமிடம். யூடியூபில் 256 ஜி.பி. அல்லது 12 மணி நேரம், ஆனால் சரிபார்க்கப்படாத கணக்குக்கு 15 நிமிடம்தான். நம் 360 எம்.பி. ஃபைலை அப்படியே வாங்கிக்கொள்வது யூடியூப் மட்டுமே. தளங்கள் இந்த எண்களை அவ்வப்போது மாற்றும் என்பதால் அவற்றைக் குறியீட்டுக்குள் புதைக்காமல் தனி அமைப்பு ஃபைலில் வைப்பது நல்லது.

அடங்குமா என்பதை ஒரே கணக்கில் தெரிந்துகொள்ளலாம். அனுமதிக்கும் அளவை பிட்டாக மாற்றி, வீடியோ ஓடும் வினாடிகளால் வகுக்க வேண்டும். 50-க்குச் சற்றுக் கீழே 48 எம்.பி. என்று வைத்தால் 384 மெகாபிட். அதை 360 வினாடிகளால் வகுத்தால் வினாடிக்கு ஏறக்குறைய 1,066 கிலோபிட். ஒலிக்கு 128 போனால் படத்துக்கு 938, கொஞ்சம் இடைவெளி விட்டு 920 என்று வையுங்கள். இதே கணக்கு இரண்டு நிமிட வீடியோவுக்கு 3,200 தரும், அது தாராளம். இருபது நிமிடத்துக்கு 320 தரும், அதில் உருப்படியான படம் வராது. ஆக, எந்த வழி என்பதைப் பாதி முடிவு செய்வது உங்கள் வீடியோக்களின் நீளம்தான்.

## அளவுக்கு முன்னால் ஃபார்மட்

`.mp4` அல்லது `.mov` என்ற பின்னொட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. அது வெறும் உறை. உள்ளே படம் எந்தக் கோடெக்கில் இருக்கிறது, நிறம் எத்தனை பிட்டில் இருக்கிறது என்பதுதான் விஷயம். முதல் வேலையாக இதை ஓட்டுங்கள்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=codec_name,pix_fmt,avg_frame_rate,color_transfer -of default=nw=1 in.mov
```

`codec_name=hevc`, `pix_fmt=yuv420p10le`, `color_transfer=arib-std-b67` என்று வந்தால், போன் எச்.டி.ஆர். முறையில் 10 பிட் நிறத்தோடு எடுத்திருக்கிறது என்று பொருள். இதை வெறுமனே 8 பிட்டாகச் சுருக்கினால் வெளிச்சமும் நிறமும் வெளிறிப்போகும். முகம் சாம்பல் பூசியதுபோல் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். எஃப்எஃப்எம்பெக்கில் நிற மாற்றத்துக்கென்று தனி வடிகட்டி உண்டு. ஆனால் அதைவிடச் சுலபமான வழி, எடுப்பவரிடம் சொல்லி போன் கேமரா அமைப்பிலேயே எச்.டி.ஆரை அணைத்துவிடுவது. சர்வரில் செய்ய வேண்டிய கனமான வேலை ஒன்று அதோடு போய்விடும்.

இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாது. ஃபைலின் பொருளடக்கம் போன்ற `moov` பகுதி, பதிவு முடிந்த பிறகுதான் எழுதப்படும் என்பதால், பல ஃபைல்களில் கடைசியில் இருக்கும். இன்ஸ்டாகிராம் அது முன்னால் இருக்க வேண்டும் என்கிறது. முன்னால் இருந்தால்தான் முழுதும் இறங்குவதற்கு முன்பே வீடியோ ஓடத் தொடங்கும் என்பதால் மற்ற இடங்களுக்கும் அது நல்லதே. கீழே வரும் கட்டளைகளில் `+faststart` என்று இருப்பது இதற்காகத்தான்.

## வழி 1: எல்லாத் தளங்களுக்கும் ஒரே சிறிய ஃபைல்

மிகக் குறைந்த எல்லையான 50 எம்.பி.க்குள் ஒரு முறை சுருக்கி, அதையே மூன்று இடத்துக்கும் அனுப்புவது. இரண்டு முறை ஓட்டும் கட்டளை இப்படி இருக்கும்:

```
ffmpeg -y -i in.mov -vf scale=720:-2,format=yuv420p -c:v libx264 -b:v 920k -pass 1 -an -f null /dev/null
ffmpeg -y -i in.mov -vf scale=720:-2,format=yuv420p -c:v libx264 -b:v 920k -pass 2 -c:a aac -b:a 128k -movflags +faststart small.mp4
```

முதல் ஓட்டத்தில் எந்தக் காட்சிக்கு எவ்வளவு தேவை என்று அளந்துகொள்ளும். இரண்டாவதில் அதற்கேற்பப் பங்கிடும். அதனால் ஃபைல் சொன்ன அளவுக்கு மிக நெருக்கமாக வந்து நிற்கும். தரத்தை மட்டும் குறிப்பிடும் `-crf` முறையில் இந்த உறுதி இல்லை. மழை, கூட்டம், ஓடும் தண்ணீர் என்று அசைவு மிகுந்த வீடியோ வந்த அன்று அது எல்லையைத் தாண்டிவிடும்.

இந்த வழியில் ஸ்கிரிப்ட் சிறியது, ஒரே ஃபைல், ஒரே சோதனை. ஒருவர் உட்கார்ந்து பேசும் காட்சிக்கு 720 அகலத்தில் 920 கிலோபிட் போதும். அசைவு மிகுந்த காட்சியில் கட்டம் கட்டமாக உடையும்.

மறைந்திருக்கும் விலை யூடியூபில் தெரியும். நீங்கள் எதைக் கொடுத்தாலும் யூடியூப் மறுபடி சுருக்கும். ஏற்கெனவே பிழிந்த ஃபைலைக் கொடுத்தால் சேதம் இரட்டிப்பாகும். அதைவிட முக்கியம், யூடியூபில் ஒரு வீடியோவின் ஃபைலைப் பின்னாளில் அதே லிங்க்கில் மாற்றிவைக்க முடியாது. இன்று ஏற்றும் 720 பதிப்புதான் அந்த முகவரியில் என்றைக்கும் இருக்கும். உங்கள் வீடியோக்கள் ஆண்டுக்கணக்கில் தேடிப் பார்க்கப்படுபவை என்றால் இந்த வழி வேண்டாம். இரண்டு நிமிடத்துக்குள் முடியும் அன்றாடச் செய்தித் துணுக்குகள் என்றால் இதைவிட எளிய வழி இல்லை.

## வழி 2: தளத்துக்கு ஒரு பதிப்பு

யூடியூபுக்கு மூலத்தை அப்படியே அனுப்புவது. இன்ஸ்டாகிராமுக்கு 1080 அகலத்தில் நல்ல தரத்தில் ஒரு பதிப்பு. டெலிகிராமுக்கு மேலே செய்த சிறிய பதிப்பு. இன்ஸ்டாகிராம் பதிப்பில் 300 எம்.பி. என்பது நெருக்கடியே இல்லை என்பதால் தரத்தை வைத்தே சுருக்கலாம், உச்சத்துக்கு மட்டும் ஒரு கடிவாளம் போட்டால் போதும்:

```
ffmpeg -y -i in.mov -vf scale=1080:-2,format=yuv420p -r 30 -c:v libx264 -crf 20 -maxrate 5M -bufsize 10M -c:a aac -b:a 128k -ar 48000 -movflags +faststart reel.mp4
```

எல்லா நேரமும் உச்சத்திலேயே ஓடினாலும் ஆறு நிமிடத்துக்கு 230 எம்.பி. அளவில் நின்றுவிடும். `-r 30` சேர்த்ததற்குக் காரணம் உண்டு. போன்கள் வெளிச்சத்தைப் பொறுத்து ஃபிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். அதை நிலையாக்காவிட்டால் சில நேரம் ஒலியும் உதடும் மெல்ல விலகும்.

தரத்தில் இந்த வழிதான் முதலிடம். விலையைக் கட்டுவது உங்கள் சர்வர். இரண்டு கோர் கொண்ட மலிவான வாடகைச் சர்வரில் இந்த மூன்று ஓட்டங்களும் வீடியோவின் நீளத்தைவிடப் பல மடங்கு நேரம் எடுக்கக்கூடும். வாங்கும் முன் ஒரு நிமிடத் துண்டை ஓட்டி, நேரத்தை அளந்து பெருக்கிப் பாருங்கள். சர்வரே வைக்காமல் ஏ.டபிள்யூ.எஸ். லாம்டா போன்ற சேவையில் ஓட்டுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். லாம்டாவில் ஒரு ஓட்டத்துக்கு 15 நிமிடம்தான். அதைத் தாண்டினால் பாதியில் நின்றுபோகும், ஃபைல் அரைகுறையாகக் கிடக்கும். நீளமான வீடியோவுக்கு அந்த இடம் சரிப்படாது.

இன்ஸ்டாகிராமுக்கு ஃபைலைச் சேர்ப்பதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. `video_url` கொடுத்தால் இன்ஸ்டாகிராமே வந்து எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்த முகவரி யாருக்கும் திறக்கும் நேரடி ஃபைலாக இருக்க வேண்டும். கூகுள் டிரைவின் பகிர்வு லிங்க்கைக் கொடுத்தால் வீடியோவுக்குப் பதிலாக ஒரு வலைப்பக்கம்தான் கிடைக்கும், முயற்சி `ERROR` என்று முடியும். காலாவதி நேரம் கொண்ட லிங்க் என்றால் ஒரு மணி நேரமாவது உயிரோடு வையுங்கள். பொது முகவரி வேண்டாம் என்பவர்கள் `upload_type=resumable` முறையில் நேராக ஏற்றலாம். இணைப்பு அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரவும் முடியும்.

## வழி 3: ஓரிடத்தில் முழு வீடியோ, மற்ற இடங்களில் லிங்க்

யூடியூபில் முழுதும் ஏற்றிவிட்டு, டெலிகிராமில் லிங்க் மட்டும். சுருக்கும் வேலை ஏறக்குறைய இல்லை. ஒரு மணி நேர உரை, கருத்தரங்கு போன்றவற்றுக்கு இதுதான் சரி. 48 எம்.பி.க்குள் ஒரு மணி நேரத்தை அடைக்கப் பார்ப்பது வீண்.

இன்ஸ்டாகிராமில் இது செல்லாது. அங்கே பதிவின் குறிப்பில் போடும் லிங்க்கைத் தட்டினால் திறக்காது. அதனால் ஒரு நிமிடத் துண்டாவது வெட்டிப் போட வேண்டியிருக்கும்.

இதில் இரண்டு பொறிகள். ஒன்று, 2020 ஜூலை 28-க்குப் பிறகு உருவாக்கிய, யூடியூபின் தணிக்கையைக் கடக்காத ஏபிஐ திட்டம் வழியாக ஏற்றும் வீடியோக்கள் தனிப்பட்டவையாகவே பூட்டப்படும். ஸ்கிரிப்ட் ‘வெற்றி’ என்று சொல்லும், பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. தணிக்கைக்கு விண்ணப்பிக்காமல் இந்த வழியில் இறங்காதீர்கள். இரண்டு, யூடியூப் முதலில் குறைந்த தெளிவைத்தான் தயார் செய்யும், உயர்ந்தவை பிறகு வரும். ஏற்றிய உடனே டெலிகிராமில் லிங்க் போட்டால், முதலில் ஓடிவந்து பார்க்கும் உங்கள் நெருங்கிய வாசகர்களுக்குத்தான் மிக மோசமான படம் கிடைக்கும். தனிப்பட்டதாக ஏற்றி, `publishAt` நேரத்தை ஓரிரு மணி தள்ளி வைத்து, அந்த நேரத்துக்குப் பிறகு லிங்க்கை அனுப்பினால் இது தீரும்.

## வழி 4: எல்லையையே உயர்த்திக்கொள்வது

டெலிகிராமுக்கு மட்டும் இப்படி ஒரு கதவு உண்டு. அதன் பாட் ஏபிஐ சர்வர் திறந்த மூல மென்பொருள். அதை உங்கள் சர்வரில் நீங்களே ஓட்டினால் ஏற்றும் எல்லை 50 எம்.பி.யிலிருந்து 2,000 எம்.பி. ஆகிறது. `my.telegram.org` தளத்தில் `api_id`, `api_hash` வாங்கி, பாட்டைப் பொதுச் சர்வரிலிருந்து `logOut` செய்துவிட்டு மாற வேண்டும். மாறிய பின் மனம் மாறினால் பத்து நிமிடத்துக்குப் பொதுச் சர்வருக்குத் திரும்ப முடியாது. எனவே வெளியீட்டு நேரத்தில் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

ஆனால் ஏற்ற முடிகிறது என்பதற்காக 360 எம்.பி.யை அப்படியே அனுப்புவது பார்ப்பவருக்குச் செய்யும் நன்மை அல்ல. நாளுக்கு 1.5 ஜி.பி. டேட்டா வைத்திருப்பவரின் கால்பங்கு அந்த ஒரு வீடியோவிலேயே போய்விடும். பயிற்சி வகுப்பு, சங்கீதப் பதிவு என்று தரத்துக்காகவே இறக்கிவைப்பவர்கள் உள்ள சேனலுக்கு இது பொருந்தும்.

## நான்கும் ஒரே பார்வையில்

| | ஒரே சிறிய ஃபைல் | தளத்துக்கு ஒன்று | லிங்க் மட்டும் | சொந்த டெலிகிராம் சர்வர் |
|---|---|---|---|---|
| பொருந்தும் நீளம் | 2 நிமிடம் வரை நன்று | டெலிகிராமுக்கு 6–7 நிமிடம் வரை | எவ்வளவும் | எவ்வளவும், 2,000 எம்.பி. வரை |
| தரம் | எல்லா இடத்திலும் குறைவு | மிக நன்று | யூடியூபில் மட்டும் நன்று | டெலிகிராமிலும் நன்று |
| சர்வர் வேலை | நடுத்தரம் | அதிகம் | குறைவு | எப்போதும் ஓடும் சர்வர் தேவை |
| மறை விலை | யூடியூபில் நிரந்தர இழப்பு | நேரம், வட்டு இடம் | தணிக்கை, இன்ஸ்டாகிராமில் லிங்க் இல்லை | பார்ப்பவரின் டேட்டா |

## காத்திருப்பதை எப்படிச் செய்வது

எந்த வழியைத் தேர்ந்தாலும் இது வரும். இன்ஸ்டாகிராமில் வெளியீடு இரண்டு படி: முதலில் ஒரு கன்டெய்னர் உருவாகும், பிறகு அதை வெளியிட வேண்டும். நடுவில் அவர்கள் வீடியோவைப் பதப்படுத்துகிறார்கள். அது முடியும் முன் வெளியிடச் சொன்னால் `2207027` என்ற துணைப் பிழை எண் வரும். வீடியோவில் எந்தக் கோளாறும் இல்லை, இன்னும் நேரம் வேண்டும் என்பதே அதன் பொருள்.

பலர் நடுவில் `sleep 60` போட்டுவிடுகிறார்கள். அரை நிமிட வீடியோவில் அது வேலை செய்வதால் சரியான வழிபோலத் தோன்றுகிறது. ஆறு நிமிட வீடியோ வந்த அன்று உடைகிறது.

அடுத்தது, நிலையைக் கேட்டுக்கொண்டே இருப்பது. நிமிடத்துக்கு ஒரு முறை, ஐந்து நிமிடம் வரை `status_code`-ஐக் கேட்கும்படி இன்ஸ்டாகிராமே பரிந்துரைக்கிறது. `IN_PROGRESS` என்றால் காத்திரு, `FINISHED` என்றால் வெளியிடு, `ERROR` என்றால் ஃபைலைப் பார். இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஐந்து நிமிடம் போதாத நாளில் ஸ்கிரிப்ட் கைவிட்டுவிடும். அடுத்த ஓட்டம் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கும்.

நான் எல்லோருக்கும் சொல்வது மூன்றாவது வழியை. ஏற்றுவதும் வெளியிடுவதும் இரண்டு தனி வேலைகளாக இருக்கட்டும். முதல் வேலை ஃபைலைக் கொடுத்து, கிடைத்த கன்டெய்னர் எண்ணை ஒரு அட்டவணையில் எழுதிவிட்டு முடிந்துவிடும். இரண்டாவது வேலை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கிரானில் எழுந்து, அட்டவணையில் நிலுவையில் இருப்பதை மட்டும் எடுத்து நிலை கேட்கும். தயாராகி, வெளியிடும் நேரமும் வந்திருந்தால் வெளியிடும், இல்லையென்றால் பேசாமல் போய்விடும். சர்வர் நடுவில் அணைந்து எழுந்தாலும் எதுவும் தொலையாது. ஒரு சிறிய எஸ்க்யூலைட் ஃபைல் இதற்குப் போதும்.

இந்த அட்டவணை இன்னொரு பெரிய தலைவலியையும் தடுக்கிறது. அது இரட்டைப் பதிவு. டெலிகிராமுக்கு 48 எம்.பி. ஏற்றும்போது உங்கள் நிரலின் காத்திருப்பு எல்லை 30 வினாடி என்றால், ஃபைல் போய்ச் சேர்ந்த பிறகும், பதில் வருமுன் நிரல் ‘தோல்வி’ என்று முடிவு செய்துவிடலாம். உடனே மறுமுயற்சி, சேனலில் ஒரே வீடியோ இரண்டு முறை. காத்திருப்பு எல்லையைப் பத்து நிமிடமாக்குங்கள். அனுப்பத் தொடங்கும் முன் ‘அனுப்புகிறது’ என்று எழுதுங்கள். பதில் வராமல் அந்த நிலையிலேயே நிற்கும் பதிவைத் தானாக மறுபடி அனுப்பாமல் ஒரு மனிதரிடம் கேட்க வையுங்கள். இன்ஸ்டாகிராமில் இது சுலபம்: மறுமுயற்சிக்கு முன் அதே கன்டெய்னரின் நிலையைக் கேட்டால், ஏற்கெனவே போயிருந்தால் `PUBLISHED` என்று சொல்லிவிடும்.

டெலிகிராமில் ஒரு முறை வெற்றியாக ஏறினால் `file_id` கிடைக்கும். அதையும் அட்டவணையில் சேமியுங்கள். அதே பாட் வேறு சேனலுக்கு அனுப்பும்போது ஃபைலுக்குப் பதிலாக அந்த `file_id`-ஐக் கொடுத்தால் போதும். மறுபடி ஏற்ற வேண்டியதில்லை, அளவு எல்லையும் இல்லை.

## நம் ஆறு நிமிட வீடியோவுக்கு

நான் இரண்டாம் வழியை எடுப்பேன். மாலை 6 மணிக்கு மூன்றிலும் வர வேண்டும் என்றால், வீடியோ பிற்பகல் 3 மணிக்குள் சர்வருக்கு வந்துவிட வேண்டும். முதலில் மூலத்தை யூடியூபில் தனிப்பட்டதாக ஏற்றி `publishAt`-ஐ 6 மணிக்கு வைப்பேன். அங்கே பதப்படுத்தல் நடந்துகொண்டிருக்கும்போதே இங்கே மற்ற இரண்டு பதிப்புகளும் தயாராகும். 5 மணிக்கு இன்ஸ்டாகிராம் கன்டெய்னரை உருவாக்கினால் `ERROR` வந்தாலும் சரிசெய்து மறுபடி கொடுக்க ஒரு மணி நேரம் இருக்கும். 6 மணிக்கு நடக்க வேண்டியது இன்ஸ்டாகிராமுக்கு வெளியீட்டு ஆணையும் டெலிகிராமுக்கு 48 எம்.பி. அனுப்புவதும் மட்டுமே. வார இறுதிக்கான வீடியோக்களை வெள்ளிக்கிழமையே தயார் செய்பவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: இன்ஸ்டாகிராம் கன்டெய்னர் 24 மணி நேரத்தில் `EXPIRED` ஆகிவிடும். ஃபைல்களை எவ்வளவு முன்னதாகவும் சுருக்கி வைக்கலாம், கன்டெய்னரை மட்டும் வெளியிடும் நாளிலேயே உருவாக்குங்கள்.